IP எண்: உறைக்குள் எது புகாது, எது புகும்

மின்கருவியின் பெட்டியிலோ முதுகுப்புறத்திலோ IP68, IP54, IPX7 என்று அச்சிடப்பட்டிருக்கும் குறியீடு ஒரு சோதனையின் முடிவு. அந்தக் கருவியின் உறைக்குள் தூசும் நீரும் எவ்வளவு புகுகின்றன என்று ஆய்வுகூடத்தில் பார்த்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1976இல் முதலில் வெளியிட்ட ஐ.ஈ.சி. 60529 என்ற நியமம் இதற்கு அடிப்படை. கைத்தொலைபேசி, வீதி விளக்கு, கண்காணிப்புக் கமரா, தண்ணீர் மோட்டார், சுவரில் பொருத்தும் சுவிட்ச் பெட்டி என எல்லாவற்றுக்கும் இதே நியமம்தான்.

சோதனை என்பதால் அதற்கு எல்லைகள் உண்டு. எந்தத் தூசு, எந்த நீர், எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை, பொருள் புதியதா பழையதா என்பவை எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை. கொழும்பில் துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும், தெற்கே புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல் விரியும் வெள்ளவத்தையிலும் ஒரு கருவி சந்திக்கும் சூழல் இந்த வரையறைக்குள் முழுதாக அடங்காது. உப்புக்காற்று, ஆண்டு முழுவதும் குறையாத ஈரப்பதன், வெயிலில் சூடேறியபின் திடீரென வந்து கொட்டும் மழை ஆகிய மூன்றும் அந்த எண்ணுக்கு வெளியே நிற்பவை. எண் எதைச் சொல்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் எதைச் சொல்லவில்லை என்பதும் விளங்கும்.

முதல் இலக்கம்: திண்மமும் தூசும்

IP என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இலக்கம் திண்மப் பொருள்களைப் பற்றியது. 0 முதல் 6 வரை செல்லும். 1 என்றால் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொருள் உள்ளே போகாது. 2 என்றால் 12.5 மில்லிமீற்றர், அதாவது விரல் மின்கம்பியைத் தொடாது. 3 என்றால் 2.5 மில்லிமீற்றர். 4 என்றால் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பிகூட நுழையாது. இதுவரை அளவிடப்படுவது துளையின் பருமன் மட்டுமே. 5, 6 ஆகிய இரண்டில்தான் தூசு என்ற பேச்சே வருகிறது.

தூசுச் சோதனைக்குப் பயன்படுவது டால்கம் தூள். ஒரு மூடிய அறையில், ஒவ்வொரு கனமீற்றர் இடத்துக்கும் 2 கிலோகிராம் என்ற அளவில் தூளை இட்டு, அது கீழே படியாமல் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும்படி சுழற்றுவார்கள். 75 மைக்ரோமீற்றர் இடைவெளி கொண்ட வலையில் சலித்த மென்மையான தூள் அது. 6 என்ற இலக்கத்துக்கான சோதனையில் கருவியின் உறைக்குள்ளிருந்து பம்பு ஒன்றினால் காற்றை உறிஞ்சுவார்கள். உள்ளே அமுக்கம் குறையும்போது வெளித்தூசு இழுபடும். சிறு கீறல் இருந்தாலும் தூள் அதன் வழியே உள்ளே சேரும். காற்று எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்பதைப் பொறுத்து இது 2 மணித்தியாலம் முதல் 8 மணித்தியாலம் வரை நடக்கும். பிறகு உறையைத் திறந்து பார்க்கும்போது உள்ளே தூள் எதுவும் தெரியக்கூடாது. 5க்கு இந்தக் கண்டிப்பு இல்லை. கொஞ்சம் தூள் புகுந்திருக்கலாம். கருவியின் இயக்கத்தையோ பாதுகாப்பையோ அது கெடுக்காவிட்டால் போதும்.

ஆகவே IP6X என்ற குறி வலுவான வாக்குறுதிதான். ஆனால் அது உறையின் உட்புறத்துக்கு மட்டுமே. ஒலிபெருக்கியின் வெளிவலையில் தூசு அடைந்து ஓசை மங்கினால், அது உறைக்கு வெளியே நடந்த சேதம். வெள்ளவத்தைக் கடற்கரை மணலின் பெரும்பகுதி படிகக்கல் துகள்கள். சாதாரணக் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானவை. டால்கம் தூளோ கனிமங்களிலேயே மிக மென்மையானது. தொலைபேசியை மணலோடு சேர்த்துப் பைக்குள் போட்டால் திரையில் கீறல் விழும். சிம் தட்டை மணல் ஒட்டிய கையால் இழுத்து மூடினால் ஒரு மணல் மணி இறப்பர் வளையத்தின் மேல் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் வளையம் முழுதாகப் படியாது. மணல் உண்டாக்கிய அந்த இடைவெளிதான் அடுத்த மழையில் நீருக்கு வழியாகிறது.

இரண்டாம் இலக்கம்: நீர்

நீருக்கான இலக்கம் 0 முதல் 9 வரை செல்லும். 1 என்பது மேலிருந்து நேராகச் சொட்டும் நீர்; நிமிடத்துக்கு 1 மில்லிமீற்றர் என்ற அளவில் 10 நிமிடம். 2 என்பது நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர். கருவியை 15 பாகை சாய்த்து வைத்துச் சோதிப்பார்கள். நிமிடத்துக்கு 1 மில்லிமீற்றர் என்பதை மழைக்கணக்கில் சொன்னால் மணித்தியாலத்துக்கு 60 மில்லிமீற்றர். கொழும்பு மழைக்காலத்தில் அது பலத்த மழைதான். ஆனால் ஆய்வுகூடத்தில் காற்று அடிப்பதில்லை, நீர் பக்கவாட்டில் வீசுவதில்லை. எனவே கூரை விளிம்புக்குக் கீழே தொங்கும் பொருளுக்கு 1, 2 போதலாம், திறந்தவெளிக்குப் போதாது. 3 என்றால் செங்குத்திலிருந்து 60 பாகை வரை சாய்வாக வரும் தூறல். 4 என்றால் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீர்.

5, 6 ஆகியவை பீய்ச்சும் நீருக்கானவை. 5க்கு 6.3 மில்லிமீற்றர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லீற்றர், 6க்கு 12.5 மில்லிமீற்றர் வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லீற்றர். 7க்கு நீரில் மூழ்கடிப்பார்கள்: சிறிய கருவியாயின் அதன் அடிப்பகுதி 1 மீற்றர் ஆழத்தில் இருக்க, 30 நிமிடம். 8 என்பது 7ஐ விடக் கடுமையான மூழ்கல். ஆழமும் நேரமும் உற்பத்தியாளர் அறிவிப்பவை. இதனால் IP68 என்ற ஒரே குறி இரண்டு தொலைபேசிகளில் இரண்டு பொருள் தரும். 2016இல் வந்த சாம்சங் கலக்சி எஸ்7 தொலைபேசிக்கு அது 1.5 மீற்றரில் 30 நிமிடம். 2020இல் வந்த ஐபோன் 12க்கு 6 மீற்றரில் 30 நிமிடம். அடிக்குறிப்பைப் படிக்காமல் 8ஐ மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. 9 என்பது 80 பாகை செல்சியஸ் சூட்டில் உயர் அமுக்கத்தில் பீய்ச்சும் நீர். உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களைக் கழுவுவது போன்ற வேலைகளை மனத்தில் வைத்தது.

இலக்கத்துக்குப் பதிலாக X இருந்தால் அந்தச் சோதனை அறிவிக்கப்படவில்லை என்று பொருள். IPX7 என்ற ஒலிபெருக்கி தூசுக்குத் திறந்து கிடக்கிறது என்றாகாது. தூசைப் பற்றி அந்தக் குறி எதுவும் சொல்லவில்லை, அவ்வளவே.

தேர்ச்சி என்பதற்கும் ஒரு தனிப்பொருள் உண்டு. நீர்ச்சோதனைக்குப் பின் உள்ளே ஒரு சொட்டும் இருக்கக்கூடாது என்று நியமம் கேட்பதில்லை. புகுந்த நீர் இயக்கத்தைக் கெடுக்காமலும், மின் ஒழுக்குக்கு வழி செய்யாமலும், மின்னோட்டமுள்ள பகுதிகளை எட்டாமலும் இருந்தால் கருவி தேறிவிடும்.

8 ஏன் 6ஐ உள்ளடக்காது

6 வரை ஏறுவரிசை சரியாக இருக்கும்: 6 பெற்றது 5, 4, 3 எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் 7, 8 பெற்ற கருவி 5ஐயும் 6ஐயும் தாங்கும் என்று கொள்ள முடியாது. நியமமே அப்படித்தான் சொல்கிறது. இரண்டும் தாங்கினால் IP65/IP68 என்று இரண்டு குறிகளையும் போடவேண்டும்.

காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு மீற்றர் ஆழத்தில் நீர் கூடுதலாகத் தரும் அமுக்கம் ஏறக்குறைய 9.8 கிலோபஸ்கால். 5ஆம் இலக்கத்தின் குழாயில், 6.3 மில்லிமீற்றர் வாய் வழியே நிமிடத்துக்கு 12.5 லீற்றர் போக வேண்டுமானால் நீர் செக்கனுக்கு 6.7 மீற்றர் வேகத்தில் வெளியேற வேண்டும். அந்த வேகத்தில் மோதும் நீர் ஓர் இடத்தில் நின்றுபோகும்போது தரும் அமுக்கம் ஏறக்குறைய 22 கிலோபஸ்கால்; இது 2.3 மீற்றர் ஆழத்துக்குச் சமம். 6ஆம் இலக்கத்தின் குழாயில் வேகம் செக்கனுக்கு 13.6 மீற்றர், அமுக்கம் 92 கிலோபஸ்கால், அதாவது 9 மீற்றருக்கு மேற்பட்ட ஆழம். கருவியை எட்டும்போது இது சற்றுக் குறையும் என்றாலும், ஒன்றரை மீற்றர் நீருக்குள் அசையாமல் கிடந்து தேறிய தொலைபேசிக்கு இது வேறு சோதனை. மேலும் ஆழ்ந்த நீர் உறையை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துகிறது; பல மூட்டுகள் அதனால் இன்னும் இறுக மூடும். பீய்ச்சும் நீர் ஒரு பக்கத்தில் மட்டும் மோதி, விளிம்பை நெம்புகிறது. குளியலறைக் குழாயின் வேகமான நீரில் IP68 தொலைபேசியைக் கழுவுவதும், கடலலையின் எதிரே அதைப் பிடித்து நிற்பதும், 8 என்ற இலக்கம் பதில் சொல்லாத செயல்கள்.

திறந்தவெளி விளக்குகளுக்கு இதே விதியை மறுபக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருவிழா ஜூன் 13இல், தென்மேற்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. திருவிழாக் காலத்து வீதி அலங்கார விளக்குக்குத் தேவைப்படுவது மூழ்கலைத் தாங்கும் 7 அல்ல. காற்றோடு பக்கவாட்டில் வரும் மழையைத் தாங்கும் 4 அல்லது 5. அதைவிட முக்கியம், விளக்குச் சரத்துக்கு IP65 இருந்தும் அதை மின்வடத்தோடு இணைக்கும் பிளக்குக்கு எந்த எண்ணும் இல்லாதிருப்பது. சரத்தின் எண் சரத்துக்கு மட்டும். ஒழுக்கு எப்போதும் எண் குறைந்த மூட்டில்தான் தொடங்கும்.

உப்பு நீரும் சார்ஜ் போர்ட்டும்

நீர்ச்சோதனைகள் எல்லாம் நன்னீரில் நடப்பவை. கடல் நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதனால் அது குழாய் நீரைவிட நூறு மடங்கு அல்லது அதற்கும் மேலாக மின்னைக் கடத்தும். இந்த வேறுபாடு உறையின் உள்ளே நீர் புகாத தொலைபேசியையும் கெடுக்கும். எப்படி என்பதை அறிய, உறை எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும்.

தொலைபேசியின் சார்ஜ் போர்ட் ஒரு திறந்த குழி. நீரைத் தடுக்கும் அடைப்பு அந்தக் குழியின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே IP68 தொலைபேசி நீரில் விழும் ஒவ்வொரு முறையும் போர்ட் நனைகிறது. அதன் உலோக முனைகள் நீரைத் தொடுகின்றன. சோதனையில் இதனால் பிரச்சினை வருவதில்லை. நீர் நன்னீர், முனைகளில் சார்ஜர் இல்லை, வெளியே எடுத்தபின் காய்ந்துவிடும்.

கடலில் நனைந்த தொலைபேசியைக் காயுமுன் சார்ஜரில் செருகினால் நிலைமை வேறு. யூ.எஸ்.பி.-சி முனைகள் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீற்றர் தூரத்தில் அடுக்கப்பட்டவை. அவற்றுள் சில 5 வோல்ற்று தாங்குகின்றன. சில பூச்சிய வோல்ற்றில் இருக்கின்றன. நடுவே உப்பு நீர்ப்படலம் இருந்தால் அது மின்பகுப்புக் கலமாகிவிடும். நீரைப் பிரிக்க 1.23 வோல்ற்றே போதும் என்ற நிலையில் 5 வோல்ற்று மிகை. நேர்முனையில் உலோகம் அயனாகக் கரைந்து வெளியேறுகிறது. பொன்முலாம் மெல்லியது, அதில் நுண்துளை ஒன்று இருந்தாலும் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் அரிபடும். பச்சை அல்லது கருமைப் படிவு முதலில் தெரியும். பிறகு சார்ஜ் வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஏறும். கடைசியில் முனை முழுதாகத் தேய்ந்துபோகும்.

இதே பிரச்சினை அவுஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போனது. 2016 மார்ச்சிலிருந்து 2018 அக்டோபர் வரை சாம்சங் நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளை வெளியிட்ட விளம்பரங்களில் கலக்சி தொலைபேசிகள் நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தத் தக்கவையாகக் காட்டப்பட்டன. எஸ்7, எஸ்8, நோட்8 உள்ளிட்ட ஏழு மாதிரிகள் இதில் அடங்கும். அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2019 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. குளத்து நீரிலோ கடல் நீரிலோ நனைந்த தொலைபேசியை ஈரத்தோடு சார்ஜ் செய்தால் போர்ட் அரித்துச் செயலிழக்கக் கணிசமான வாய்ப்பு இருந்ததை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2022 ஜூனில் சமஷ்டி நீதிமன்றம் 14 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அந்தத் தொலைபேசிகளின் IP68 குறி பொய் என்று யாரும் நிறுவவில்லை. குறி சொன்ன சோதனைக்கும் விளம்பரம் காட்டிய கடலுக்கும் இடையே இருந்த தூரம்தான் வழக்கின் பொருள். இத்தாலியின் போட்டி அதிகாரசபையும் 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனத்துக்கு 10 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அங்கே கூறப்பட்ட காரணங்களில் ஒன்று, அந்தத் தாங்குதிறன் அசையாத தூய நீரில், ஆய்வுகூடச் சூழலில் மட்டுமே உண்மை என்பதை விளம்பரங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்பது. மற்றது, நீரால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அறிவித்துக்கொண்டே நீர்த்தாங்குதிறனை விளம்பரப்படுத்தியது.

கொழும்பில் இந்த வேதியியலுக்குக் கடலில் விழுவதுகூடத் தேவையில்லை. கறியுப்பு 75 சதவீத ஒப்பு ஈரப்பதனுக்கு மேல் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். கொழும்பின் இரவுக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75ஐத் தாண்டியே இருக்கும். எனவே மரைன் டிரைவ் காற்றில் வந்து போர்ட்டில் படிந்த உப்புத் துகள், பகலில் காய்ந்து வெண்பொடியாகவும் இரவில் உப்பு நீராகவும் மாறிக்கொண்டிருக்கும். தொலைபேசி பெரும்பாலும் இரவில்தான் சார்ஜில் கிடக்கிறது. உப்பினால் வரும் அரிப்பைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 9227 போன்ற உப்புத் தெளிப்புச் சோதனைகள் தனியாக இருக்கின்றன. அவற்றின் முடிவு IP எண்ணில் ஏறுவதில்லை.

கடல் நீரில் நனைந்த தொலைபேசிக்குச் செய்யவேண்டியது உப்பை நீக்குவது. உறை சேதமில்லாமல் இருந்தால், மெதுவாக ஊற்றும் குழாய் நீரில் போர்ட்டையும் ஒலிபெருக்கி வாயையும் அலசி, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உதறி, காற்றோட்டத்தில் பல மணித்தியாலம் விடவேண்டும். அதுவரை வயர் செருகக்கூடாது. அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் துகள் போர்ட்டுக்குள் போய்ச் சேதம் செய்யலாம் என்று அப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. ஈரத்தை உணர்ந்து சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி இப்போது பல தொலைபேசிகளில் உண்டு. அந்த எச்சரிக்கை திரையில் வந்தால் வேறு வயர் தேடாமல் காத்திருப்பதே சரி.

சவர்க்காரம் செய்யும் வேலை

தொலைபேசியின் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் வெளிக்காற்றோடு தொடர்பில் இருந்தாகவேண்டும். இல்லாவிட்டால் ஓசை போகாது. அந்தத் துளைகளுக்குப் பின்னால், நீரை வெறுக்கும் பொலிமரினால் செய்த நுண்துளைப் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நுளம்பு வலை காற்றை விட்டு நுளம்பைத் தடுப்பதுபோல, இது காற்றை விட்டு நீரைத் தடுக்கிறது. ஆனால் தடுக்கும் முறை வேறு. துளைகள் நீர் மூலக்கூறைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியவை. நீர் உட்புகாததற்குக் காரணம் அதன் மேற்பரப்பிழுவை. படலத்தை நனைக்க மறுக்கும் நீர், துளையின் வாயிலேயே குவிந்து நின்றுவிடுகிறது.

தூய நீரின் மேற்பரப்பிழுவை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன் அளவு. சவர்க்காரமோ சம்பூவோ கலந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கும். அப்போது அதே துளை, மிகக் குறைந்த அமுக்கத்திலேயே நீருக்கு வழிவிடும். எண்ணெயும் முகப்பூச்சும் படலத்தில் படிந்தால் அந்த இடம் நீரை வெறுப்பதை நிறுத்திவிடும். நன்னீரில் 30 நிமிடம் தாங்கிய தொலைபேசி சவர்க்கார நுரையில் ஐந்து நிமிடம் தாங்காமல் போகலாம்; எண்ணில் பிழையில்லை, நீர் மாறிவிட்டது. தேநீரோ குளிர்பானமோ சிந்தினால் நிறுவனங்கள் குழாய் நீரில் அலசச் சொல்வதும் இதனால்தான்: காய்ந்தபின் எஞ்சும் சீனியும் அமிலமும் படலத்திலும் முனைகளிலும் தங்கிவிடும்.

சூடும் குளிரும்

மூழ்கல் சோதனையில் நீரின் வெப்பநிலையும் கருவியின் வெப்பநிலையும் 5 பாகைக்கு மேல் வேறுபடக்கூடாது. இந்தச் சிறு நிபந்தனைக்குப் பெரிய விளைவு உண்டு. உறைக்குள் அடைபட்ட வளி குளிர்ந்தால் அதன் அமுக்கம் குறையும். நீருக்குள் இருக்கும்போது வெளியிலிருந்து வளி வந்து அதை ஈடுசெய்ய முடியாது.

மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் வெயிலில் வழிகாட்டிக்கொண்டிருந்த தொலைபேசி ஒன்றின் உட்புறம் 48 பாகை செல்சியசில் இருக்கிறது என்று கொள்வோம். அது 28 பாகை நீரில் விழுந்து அதே அளவுக்குக் குளிர்கிறது. கெல்வினில் 321இலிருந்து 301க்கு; உள் அமுக்கம் 6 சதவீதத்துக்குச் சற்று மேலாக, அதாவது ஏறக்குறைய 6.3 கிலோபஸ்கால் குறையும். நீருக்கு இது 64 சென்ரிமீற்றர் கூடுதல் ஆழம். உறை சற்று வளைந்துகொடுத்தால் இது குறையலாம். ஆனால் திசை மாறாது. 5 பாகை வேறுபாட்டுக்கு இதே கணக்கு 17 சென்ரிமீற்றர்தான் தரும். IP67 தொலைபேசி சூடாக இருக்கும்போது அரை மீற்றர் நீரில் விழுந்தாலும், சோதனை ஆழத்தை மிஞ்சிய நிலையில் இருக்கிறது.

கூரை விளிம்பில் நிற்கும் கண்காணிப்புக் கமராவுக்கு இது நாள்தோறும் நடக்கிறது. பகல் வெயிலில் உள்வளி விரிந்து, மூட்டுகளின் வழியே கொஞ்சம் வெளியேறும். மாலை மழை உறையைச் சட்டெனக் குளிர்விக்கும்போது அமுக்கம் குறைந்து, மூட்டின் மேல் நிற்கும் மழைநீர் உள்ளே உறிஞ்சப்படும். பெரும்பாலும் வயர் நுழையும் இடத்தில்தான் இது நடக்கும். நல்ல கமராக்களில் அமுக்கத்தைச் சமப்படுத்தும் நுண்துளைப் படலம் பொருத்தப்படுவது இதைத் தவிர்க்கவே. பொருத்துபவர் வயரை உறையை நோக்கி மேலேறும்படி ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால், நீர் வயர் வழியே வழிந்து மூட்டை எட்டாது.

ஆவி

நீராவி திரவ நீர் அல்ல. IP சோதனை எதுவும் அதை அளப்பதில்லை. ஒலிபெருக்கிப் படலம் ஆவியை வளியைப்போலவே விடுகிறது. சிலிக்கோன் வளையங்களும் மெதுவாக ஆவியை ஊடுவிடும். ஆகவே சில மாதங்களில் உறைக்குள்ளும் கொழும்பின் ஈரக்காற்றே நிற்கும்.

30 பாகை செல்சியசில் 75 சதவீத ஈரப்பதன் கொண்ட காற்றின் பனிபடுநிலை ஏறக்குறைய 25 பாகை. அந்தக் காற்று 25க்குக் கீழுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்த்துளி படியும். குளிரூட்டிய அறையில் 22 பாகையில் இருந்த தொலைபேசியை வெளியே கொண்டுவந்தால் கமராக் கண்ணாடியில் வெளிப்புறம் புகை படிவது இதனால். அது சில நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை, துடைத்தாலே போகும். துடைத்தும் போகாத புகை கண்ணாடியின் உட்புறம் இருக்கிறது. அது ஒரே ஒரு முறை வந்து மறைந்தால் உள்ளே புகுந்த ஆவியின் ஒடுக்கமாக இருக்கலாம். நாள்தோறும் வந்தாலோ துளியாகத் திரண்டாலோ உறையில் ஒழுக்கு இருக்கிறது.

பழசும் பழுதுபார்த்ததும்

எண்ணைத் தரும் சோதனைகள் புதிய மாதிரிகளில் நடப்பவை. பாவனையில் உறை மாறுகிறது. திரையையும் சட்டத்தையும் இணைப்பது சில இடங்களில் ஒரு மில்லிமீற்றர் அளவே அகலமான ஒட்டுப்பட்டை. கீழே விழுந்த தொலைபேசியின் சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் பட்டை அங்கே விலகும். சூட்டினால் ஒட்டு இறுகும். இறப்பர் வளையம் நெடுநாள் அழுந்தி, மீளும் தன்மையை இழக்கும். பற்றரி மாற்றவோ திரை மாற்றவோ தொலைபேசியைத் திறந்தால், பழைய ஒட்டைச் சுத்தமாகச் சுரண்டி, அந்த மாதிரிக்கு வெட்டிய புதிய பட்டையை ஒட்டி, அழுத்தத்தில் வைத்து மூடவேண்டும். பல இடங்களில் திரவப் பசை தடவி மூடுவார்கள். திரை நிற்கும், ஆனால் நீரைத் தடுக்கும் தொடர்ச்சியான கோடு உறுதியாக இராது. அதன்பின் பெட்டியில் உள்ள IP68, திறக்கப்படாத தொலைபேசியைப் பற்றிய தகவல் மட்டுமே.

அடைப்பு இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று நனைக்காமலே ஓரளவு அறியலாம். பழுதுபார்க்கும் நிலையங்கள் சிறு வெற்றிடம் கொடுத்து அமுக்கம் நிலைக்கிறதா என்று பார்ப்பார்கள். அமுக்கமானி உள்ள தொலைபேசிகளில் அதன் அளவைக் காட்டும் செயலியைத் திறந்துவைத்து, திரையின் நடுவை விரலால் மெதுவாக அழுத்தலாம். உறை இறுக்கமாயின் அளவு தெளிவாக உயர்ந்து, மெதுவாகத் தணியும். அழுத்தியும் எண் அசையாவிட்டால் வளி எங்கோ தடையின்றி வெளியேறுகிறது. இது எங்கே ஒழுகுகிறது என்று சொல்லாது; ஆனால் மழையில் எடுத்துச் செல்லலாமா என்ற கேள்விக்குப் பதில் தரும். சிம் தட்டின் குழிக்குள் இருக்கும் சிறிய வெள்ளை ஒட்டி, திரவம் பட்டால் சிவக்கும். பழைய தொலைபேசி வாங்குபவர் விளக்கொளியில் அதைப் பார்க்கவேண்டும். உத்தரவாதம் கோரும்போது நிறுவனமும் முதலில் பார்ப்பது அதைத்தான்; பல நிறுவனங்களில் IP எண் இருந்தாலும் திரவச் சேதம் உத்தரவாதத்துக்குள் வராது.

இவற்றில் எதையும் நியமம் மறைக்கவில்லை. இயந்திர மோதல், அரிப்பு, அரிக்கும் கரைப்பான்கள், பூஞ்சணம், பூச்சிகள், சூரிய ஒளி, ஒடுக்கத்தால் வரும் ஈரம் ஆகியவை தனக்கு வெளியே உள்ளவை என்றும், அவற்றை அந்தந்தப் பொருளுக்கான வேறு நியமங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் அதன் தொடக்கப் பகுதியே சொல்கிறது. கடற்கரை ஓரத்துக்கு ஒரு கருவி வாங்கும்போது IP எண்ணோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்விகளும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன: ஆணிகள் துருப்பிடிக்காத உருக்கா, உப்புத் தெளிப்புச் சோதனை நடந்ததா, பிளாஸ்ரிக் வெயிலில் வெடிக்காத வகையா, அமுக்கத்தைச் சமப்படுத்தும் படலம் உண்டா, இணைப்பு மூட்டுக்கும் அதே எண் இருக்கிறதா.